எண் வந்ததும் விழுந்து பிறகு ஏறியது ஏன்? 2022 அக்டோபர் 13 வரைபடம் பற்றி

அருள் (மிட்ராண்ட்)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கப் பணவீக்க எண் வெளியாகும் நாள்களின் பழைய வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2022 அக்டோபர் 13 எனக்குப் பிடிபடவே இல்லை. உணவும் எரிபொருளும் நீங்கலான மாதாந்திர உயர்வு 0.4 விழுக்காடு இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், 0.6 வந்தது. ஆண்டுக் கணக்கில் 6.6, நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு. எஸ் அண்ட் பி 500 குறியீடு முந்தைய நாள் 3577-இல் முடிந்திருந்தது. அன்று 3491 வரை போய்விட்டு, 3669-க்கு மேல் முடிந்தது. கெட்ட செய்தி வந்த நாளில் 2.6 விழுக்காடு ஏற்றம்!

அதற்குச் சரியாக ஒரு மாதம் முன், செப்டம்பர் 13 அன்றும் இதே 0.6 தான் வந்தது. அன்று 4.3 விழுக்காடு விழுந்து, எழுந்திருக்கவே இல்லை.

ஒரே எண், இரண்டு விதமான நாள்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் ஏதாவது வரைபடத்திலேயே இருக்கிறதா? அல்லது நடந்த பிறகு கதை கட்டுகிறோமா?

குமரன் (ஓவர்போர்ட்)

தம்பி, இதில் குழம்ப ஒன்றும் இல்லை. முதல் நகர்வு எப்போதுமே ஏமாற்று. பெரிய கைகள் நம்மைப் போன்ற சிறியவர்களின் ஸ்டாப்லாஸ் எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே விலையைத் தள்ளி, நம் சரக்கை மலிவாக வாங்கிக்கொண்டு மேலே போகிறார்கள். எண் வந்து கால் மணி நேரம் சும்மா இருங்கள். பிறகு முதல் கேண்டிலுக்கு எதிர்த்திசையில் இறங்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2020 மார்ச் தாழ்வு 2191, 2022 ஜனவரி உச்சம் 4818. இரண்டுக்கும் சரிபாதி 3505. அக்டோபர் 13 அன்று அங்கேதான் திரும்பியது. வரைபடம் பேசுகிறது, கேட்கத்தான் காது வேண்டும்.

செல்வி (சாண்டன்)

குமரன் அண்ணா, "எப்போதுமே" என்கிறீர்கள். அருள் கேட்டதே செப்டம்பர் 13 பற்றியும்தானே? அன்று கால் மணி நேரம் காத்திருந்து எதிர்த்திசையில் வாங்கியவர் என்ன ஆனார்? நாள் முழுவதும் விழுந்து, ஏறத்தாழ அன்றைய தாழ்விலேயே முடிந்தது.

நான் சில ஆண்டுகள் ஒரு வங்கியின் கடன் பத்திர மேசையில் வேலை பார்த்தவள். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு விஷயம். அருள், நீங்கள் பார்ப்பது குறியீட்டின் வரைபடமா, சந்தை திறக்கும் முன்பே அதன்மேல் வர்த்தகமாகும் ஃபியூச்சர்ஸ் வரைபடமா? எண் வெளியாவது நியூயார்க் நேரம் காலை 8.30. பங்குச் சந்தை திறப்பது 9.30. அந்த ஒரு மணி நேரத்தில் குறியீடு கணக்கிடப்படுவதில்லை. ஆகவே குறியீட்டு வரைபடத்தில் முதல் நகர்வு என்று ஒன்று தெரியவே தெரியாது. 3577-இல் முடிந்தது மறுநாள் 3520 அருகே திறந்தது என்ற ஒரு வெற்றிடம் மட்டும் தெரியும். ஃபியூச்சர்ஸ் வரைபடத்தைத் திறந்தால், எண் வருவதற்கு முன் விலை முந்தைய நாளைவிட மேலே இருந்ததும், 8.30 அடித்ததும் செங்குத்தாக விழுந்ததும் தெரியும். எதிலிருந்து திரும்பியது என்று தெரியாமல் திரும்பியது என்று பேச முடியாது.

இரண்டாவது, அந்த முதல் சரிவு எப்படி உண்டாகிறது என்பது. எண் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, வாங்கவும் விற்கவும் விலை காட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் தங்கள் ஆர்டர்களைப் பின்வாங்கிக்கொள்ளும். அவர்களுக்கு எதற்கு அந்த ஆபத்து? சாதாரண நேரத்தில் ஒவ்வொரு விலைப்படியிலும் நிறைய ஒப்பந்தங்கள் காத்திருக்கும். அந்த நிமிடத்தில் ஆர்டர் புக் மெலிந்து, கைவிட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். அப்போது கணினிகள் தலைப்பு எண்ணைப் படித்து, எதிர்பார்ப்போடு ஒப்பிட்டு, கண் இமைக்கும் முன் விற்கின்றன. வேறு நேரத்தில் விலையை ஓரிரு புள்ளி அசைக்கும் அதே அளவு விற்பனை, இப்போது இருபது முப்பது புள்ளியைக் கடந்துவிடுகிறது. ஸ்டாப்களும் வரிசையாகத் தட்டப்படும். யாரோ திட்டம் போட்டு வேட்டையாடினார்கள் என்று சொல்லத் தேவையே இல்லை. வாங்க ஆள் இல்லாத இடத்தில் விற்றால் விலை அப்படித்தான் போகும்.

ஆகவே முதல் நகர்வின் திசை பெரும்பாலும் உண்மையானதுதான். எண் மோசம், விழுந்தது. அதன் நீளம்தான் மிகை. ஆர்டர் புக் மறுபடி நிறையும்போது அந்த மிகைப் பகுதி திரும்பும். அது சிறிய திரும்பல், எல்லா வெளியீட்டிலும் பார்க்கலாம். அக்டோபர் 13 போல முழுவதும் திரும்பி மறுபக்கம் போவது வேறு விஷயம். அதற்கு வேறு காரணம் வேண்டும்.

பொன்னம்மாள் (ஃபீனிக்ஸ்)

மன்னிக்க வேண்டும், நடுவில் நுழைகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணவீக்கம் திரும்பிவிடும் என்று இங்கே பேசுவதைப் பார்த்தேன். அப்படியானால் மளிகை விலை இறங்குமா? என் ஓய்வூதியப் பணத்தைப் பங்கிலிருந்து எடுத்து வங்கி வைப்பில் போடச் சொல்லி மருமகன் வற்புறுத்துகிறார். எண் வரும் நாளுக்கு முன் எடுக்கலாமா, பின் எடுக்கலாமா?

செல்வி (சாண்டன்)

பொன்னம்மாள் அம்மா, இங்கே திரும்புவது என்று நாங்கள் சொல்வது ஒரு நாளுக்குள் பங்குக் குறியீடு கீழே போய் மேலே வருவதை. கடை விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் பணத்தை எங்கே வைப்பது என்பதை இந்த இரண்டு மணி நேர ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஓய்வூதிய நிதியில் நிதியை மாற்றச் சொல்லி விண்ணப்பித்தாலும் அது நடந்து முடியப் பெரும்பாலும் சில நாள்கள் ஆகும். அதற்குள் இந்த ஆட்டம் முடிந்துபோயிருக்கும். வயது, மாதச் செலவு எல்லாம் பார்த்து, உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் மருமகனையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

குமரன் (ஓவர்போர்ட்)

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேட்டை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் கதையைக் கேளுங்கள். ஒரு பணவீக்க வெளியீட்டின்போது அமெரிக்கக் குறியீட்டில் சிஎஃப்டி வாங்கி வைத்திருந்தேன். பத்துப் புள்ளி கீழே ஸ்டாப். எண் வந்தது, என் புரோக்கர் இருபத்தாறு புள்ளி கீழே முடித்துவிட்டார். பெயர் வேண்டாம். அந்த நேரத்து ஸ்பிரெட்டைப் பார்த்தால் சாதாரண நாளின் பல மடங்கு. அரை மணி நேரத்தில் விலை நான் வாங்கிய இடத்துக்கு மேலே. இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

செல்வி (சாண்டன்)

கோபம் புரிகிறது அண்ணா. ஆனால் ஸ்டாப் என்பது அந்த விலையில் முடித்துக் கொடுப்பேன் என்ற வாக்குறுதி அல்ல. அந்த விலை தொட்டதும் கிடைக்கும் விலைக்கு விற்றுவிடு என்ற கட்டளை. கிடைக்கும் விலை பதினாறு புள்ளி கீழே இருந்தால் அங்கேதான் முடியும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: அந்த நிமிடத்தின் ஃபியூச்சர்ஸ் ஒரு நிமிட வரைபடத்தை எடுத்து, அதன் தாழ்வோடு உங்களுக்குக் கிடைத்த விலையை ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் அடிப்படையில் சில புள்ளி வேறுபாடு எப்போதும் இருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். ஃபியூச்சர்ஸ் அந்த ஆழத்துக்குப் போகவே இல்லை என்றால் புரோக்கரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பிறகு நிதி ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாம். போயிருந்தால் அது சந்தை கொடுத்த விலைதான். சில புரோக்கர்கள் கூடுதல் கட்டணத்துக்கு உறுதி செய்யப்பட்ட ஸ்டாப் தருகிறார்கள். அந்தக் கட்டணம் ஏன் இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இனி அருளின் கேள்வி. செப்டம்பர் 13-க்கும் அக்டோபர் 13-க்கும் எண் ஒன்று, ஆனால் எண் வந்து விழுந்த தரை வேறு.

செப்டம்பரில் எல்லாப் பொருள்களையும் சேர்த்த பணவீக்க எண் மாதக் கணக்கில் 0.1 குறையும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். பணவீக்கம் உச்சத்தைத் தாண்டிவிட்டது என்ற நம்பிக்கையில், அதற்கு முந்தைய நான்கு நாளும் குறியீடு தொடர்ந்து ஏறி 3908-லிருந்து 4110-க்கு வந்திருந்தது. அதாவது எண் வரும்போது எல்லோரும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உணவும் எரிபொருளும் நீங்கலான மைய எண் 0.3 எதிர்பார்த்த இடத்தில் 0.6. அடுத்த வாரம் கூடவிருந்த ஃபெடரல் ரிசர்வ் 0.75 உயர்த்தும் என்று இருந்த பேச்சு, ஒரு முழு விழுக்காடுகூட உயர்த்தலாம் என்று மாறியது. வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே கதவு வழியாக வெளியேற வேண்டியிருந்தது. அவர்கள் விற்று முடிக்க ஒரு நாள் போதவில்லை. திரும்ப எங்கே நேரம்?

அக்டோபரில் தலைகீழ். 4-ஆம் தேதி 3790-இல் இருந்த குறியீடு ஆறு நாள் தொடர்ந்து விழுந்து 3577-க்கு வந்துவிட்டது. நவம்பரில் 0.75 உயர்வு வரும் என்பதை ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டார்கள். செப்டம்பர் அடி எல்லோருக்கும் நினைவில் இருந்தது. ஆகவே எண் வருவதற்கு முன்பே, விலை விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷன்களைப் பாதுகாப்புக்கு வாங்கிக் குவித்திருந்தார்கள். புட் விற்ற வங்கி சும்மா இருக்காது, தன் பாதுகாப்புக்கு ஃபியூச்சர்ஸ் விற்று வைத்திருக்கும். எண் வந்தது, மோசம்தான், விலை விழுந்தது. ஆனால் பயந்த நிகழ்ச்சி முடிந்துபோய்விட்டது. நிச்சயமின்மைக்காகக் கொடுத்த விலை புட்டிலிருந்து கரைய ஆரம்பிக்கிறது. வைத்திருந்தவர்கள் லாபத்தோடு அதை விற்கிறார்கள். வங்கி தான் விற்ற ஃபியூச்சர்ஸைத் திருப்பி வாங்குகிறது. அந்த வாங்கல் விலையை ஏற்ற, ஷார்ட் அடித்தவர்களும் பதறி வாங்குகிறார்கள். புதிதாக விற்க ஆள் இல்லை, விற்க நினைத்தவர்கள் ஆறு நாளாக விற்று முடித்துவிட்டார்கள்.

இது என் ஊகமும் கலந்த விளக்கம். யார் வாங்கினார்கள் என்பதை வரைபடம் சொல்லாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள்: தாழ்விலிருந்து முடிவு விலை வரை 178 புள்ளி, ஐந்து விழுக்காட்டுக்கு மேல். நல்ல செய்தி எதுவும் வராமல் ஒரே நாளில் இவ்வளவு ஏற்றம் வேண்டுமென்றால் கட்டாயத்தில் வாங்குபவர்கள் இருந்தாக வேண்டும்.

3505 கோட்டைப் பற்றி: அதைப் பலர் கவனித்தார்கள் என்பது உண்மை, அங்கே வாங்கும் ஆர்டர்கள் இருந்திருக்கும். ஆனால் விலை அதை 14 புள்ளி கிழித்துக்கொண்டுதான் போனது. அந்தக் கோட்டில் நெருக்கமாக ஸ்டாப் வைத்தவர் வெளியே தள்ளப்பட்டிருப்பார்.

ராஜன் (டர்பன் வடக்கு)

நல்ல செய்தி எதுவும் வரவில்லை என்பது சரியில்லை. அன்று லண்டனிலிருந்து வந்த செய்தியை ஏன் எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள்? பிரிட்டன் அரசு செப்டம்பரில் அறிவித்த வரிக் குறைப்புத் திட்டத்தில் பின்வாங்கப்போகிறது என்ற செய்தி அன்றுதான் பரவியது. மறுநாள் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் பதவியிழந்தார். இரண்டு மூன்று வாரமாக உலகச் சந்தைகளையே உலுக்கிக்கொண்டிருந்த பிரிட்டன் பத்திரங்கள் மூச்சுவிட்டன, பவுண்டு ஏறியது, டாலர் இறங்கியது. டாலர் இறங்கினால் பங்கு ஏறும். புட், வங்கி என்று உள்ளே போகாமலே விளக்கலாம்.

செல்வி (சாண்டன்)

ராஜன், அதை மறந்திருக்கக் கூடாது, சரிதான். டாலர் திரும்பியதில் அந்தச் செய்திக்குப் பங்கு உண்டு. ஆனால் நீங்கள் சொல்வது மட்டுமே காரணம் என்றால் அமெரிக்க அரசின் இரண்டாண்டுப் பத்திரம் தரும் வருவாயான யீல்டும் இறங்கியிருக்க வேண்டும். ஃபெடரல் ரிசர்வ் என்ன செய்யும் என்பதைச் சந்தை எப்படிக் கணிக்கிறது என்று நேரடியாகக் காட்டுவது அதுதான். அன்று எண் வந்ததும் அது குதித்தது, முந்தைய நாளைவிடக் கணிசமாக உயர்ந்தே முடிந்தது. பத்திரச் சந்தை, எண் மோசம் என்ற தன் முடிவை மாற்றிக்கொள்ளவே இல்லை. பங்குகள் மட்டும் ஏறின.

அடுத்த நாள் என்ன ஆயிற்று? எஸ் அண்ட் பி 2.4 விழுக்காடு விழுந்து 3583-இல் முடிந்தது. எண் வருவதற்கு முன் இருந்த 3577-க்குப் பக்கத்திலேயே. ஒரு நாள் கூத்து மறுநாளே கரைந்தது. இதனால்தான், யீல்டு திரும்பாமல் பங்கு மட்டும் திரும்பினால் அது கட்டாயக் கணக்கு முடிப்பு என்று நான் நினைக்கிறேன். நீடிக்கும் என்று சொல்ல முடியாது.

ராஜன் (டர்பன் வடக்கு)

ஆனால் அக்டோபர் 12 முடிவு விலைதான் அந்தக் கரடிச் சந்தையின் மிகக் குறைந்த முடிவு விலை. 3491-க்குக் கீழே அதன் பிறகு போகவே இல்லை. அப்படியானால் அந்தத் திரும்பல் பொருளற்றது என்று எப்படிச் சொல்வீர்கள்? பத்திரச் சந்தை தவறு, பங்குச் சந்தை சரி என்றும் சொல்லலாமே.

செல்வி (சாண்டன்)

சொல்லலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த பணவீக்க எண், நவம்பர் 10 அன்று, எல்லாப் பொருள்களையும் சேர்த்த ஆண்டுக் கணக்கில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக 7.7 வந்தது, குறியீடு ஒரே நாளில் 5.5 விழுக்காடு ஏறியது. நவம்பர் எண் வேறு மாதிரி வந்திருந்தால் 3491 நின்றிருக்குமா என்று இருவருக்குமே தெரியாது.

அருள் (மிட்ராண்ட்)

செல்வி அக்கா, மிகவும் நன்றி. ஃபியூச்சர்ஸ் வரைபடம் பற்றிச் சொன்னது கண் திறந்தது. நான் இவ்வளவு நாள் குறியீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைவாய்ப்பு எண்ணிலும் இதே கதைதானா? அங்கே திரும்புவது இன்னும் அதிகம் போலத் தோன்றுகிறது.

செல்வி (சாண்டன்)

அங்கே கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. பணவீக்க அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது ஒரே எண்ணை, மைய எண்ணின் மாத உயர்வை. அதிலும் ஓர் ஓட்டை உண்டு: அச்சாகும் 0.4 என்பது 0.35 ஆகவும் இருக்கலாம், 0.44 ஆகவும் இருக்கலாம். கணினி 0.4 என்று விற்றுவிடும். யாராவது குறியீட்டு எண்களை எடுத்து வகுத்துப் பார்த்து, இது 0.35 தான் என்று சொல்லச் சில நிமிடம் ஆகும். வேலைவாய்ப்பு அறிக்கையிலோ ஒரே நேரத்தில் பல எண்கள், ஒன்றுக்கொன்று முரணாக வரும். எத்தனை பேர் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார்கள் என்பது நிறுவனங்களிடம் கேட்டது. வேலையின்மை விகிதம் வீடுகளில் கேட்டது. இரண்டும் தனித்தனிக் கணக்கெடுப்பு, எதிரெதிர் திசையில்கூடப் போகும். அதோடு மணிக்கூலி உயர்வு, முந்தைய இரண்டு மாதங்களின் திருத்தம்.

2023 அக்டோபர் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1,70,000 வேலை எதிர்பார்த்தார்கள், 3,36,000 வந்தது. ஏறக்குறைய இரு மடங்கு. முந்தைய இரண்டு மாத எண்களையும் மேலே திருத்தினார்கள். வட்டி இன்னும் உயரும் என்று யீல்டு தாவியது, ஃபியூச்சர்ஸ் விழுந்தது, சந்தை திறந்த பிறகும் விழுந்தது. ஆனால் அதே அறிக்கையின் உள்ளே மணிக்கூலி உயர்வு 0.2 மட்டுமே, எதிர்பார்ப்பு 0.3. வேலையின்மை 3.8, எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். ஆள் நிறையச் சேர்கிறார்கள், கூலி ஏறவில்லை என்றால் பணவீக்கத்துக்குப் பயப்படுபவருக்கு அது நல்ல செய்தி. முதலில் தலைப்பு எண்ணுக்கு விற்றார்கள், பிறகு கூலி எண்ணுக்கு வாங்கினார்கள். அன்று 1.2 விழுக்காடு ஏற்றத்தில் முடிந்தது.

இதை அக்டோபர் 13-உடன் ஒப்பிடுங்கள். இந்த முறை பத்தாண்டுப் பத்திர யீல்டும் தன் உச்சியிலிருந்து நன்றாக இறங்கியது. அடுத்த மூன்று வர்த்தக நாளும் குறியீடு ஏறியது. இரண்டு உதாரணத்தை வைத்து விதி எழுத முடியாது என்பதைக் குமரன் அண்ணாவுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

குமரன் (ஓவர்போர்ட்)

குத்தல் புரிகிறது அக்கா. சரி, "எப்போதுமே" என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். "பெரும்பாலும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடைமுறையில் சொல்லுங்கள்: 8.30 முடிந்து என் திரையில் கேண்டில் ஆடுகிறது. திரும்பிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? பச்சைக் கேண்டில் வந்துவிட்டால் போதுமா?

செல்வி (சாண்டன்)

நிறம் போதாது. நான் செய்வது இது. எண் வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஃபியூச்சர்ஸ் எந்த உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே இருந்தது என்று இரண்டு கோடு போட்டுவைப்பேன். எண்ணுக்கு முன் சந்தை ஒப்புக்கொண்டிருந்த விலை அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. எண் வந்து விலை பட்டைக்குக் கீழே விழுந்தால், பச்சைக் கேண்டில்கள் எத்தனை வந்தாலும் பட்டைக்கு வெளியே இருக்கும்வரை அது வெறும் மூச்சுவாங்கல். ஐந்து நிமிடக் கேண்டில் பட்டைக்குள் வந்து முடிந்து, அடுத்த கேண்டிலும் உள்ளேயே நின்றால்தான் சந்தை எண்ணைப் புறந்தள்ளுகிறது என்று எடுத்துக்கொள்வேன். அக்டோபர் 13 அன்று அது பங்குச் சந்தை திறந்து வெகுநேரம் கழித்துத்தான் நடந்தது. தாழ்வில் வாங்கியிருக்கலாமே என்று வயிறெரியும். எரியட்டும். செப்டம்பர் 13 அன்று அது நடக்கவே இல்லை, அந்தக் கோடு அன்று என்னை வெளியே வைத்திருக்கும்.

கூடவே இரண்டாண்டு யீல்டைத் திறந்து வைத்திருங்கள். முந்தைய ஒரு வாரம் குறியீடு எந்தப் பக்கம் ஓடியது என்றும் பாருங்கள். எண்ணின் திசையிலேயே ஏற்கெனவே ஒரு வாரம் ஓடியிருந்தால் திரும்புவதற்கு இடம் உண்டு. எதிர்த்திசையில் ஓடியிருந்தால், செப்டம்பர் போல, மாட்டிக்கொண்டவர்கள்தான் நகர்வை நீட்டுவார்கள்.

மாணிக்கம் (சாட்ஸ்வொர்த்)

பிள்ளைகளே, நன்றாகப் பேசுகிறீர்கள். ஆனால் நம் தென்னாப்பிரிக்கச் சந்தையை யாரும் தொடவில்லை. நான் ஜோகன்னஸ்பர்க் சந்தையின் டாப் 40 குறியீட்டை மட்டும் பார்ப்பவன். அமெரிக்கப் பணவீக்கம் கூடுதலாக வந்தால் இங்கே டாப் 40 விழ வேண்டும் என்று நினைப்பீர்கள். பல முறை விழாது, சில முறை ஏறும். ஏனென்றால் டாலர் ஏறினால் ராண்ட் இறங்கும். நாஸ்பர்ஸ், புரோசஸ், ரிச்மோன்ட், பிஎச்பி போன்றவற்றின் வருமானம் ராண்டில் இல்லை. வெளிநாட்டில் அவற்றின் விலை ஒரு விழுக்காடு விழுந்து, ராண்டும் ஒரு விழுக்காடு விழுந்தால், நம் திரையில் ஏறத்தாழ அசையாமல் இருக்கும். கேபிடெக், ஃபர்ஸ்ட்ராண்ட், ஷாப்ரைட் பக்கம் பார்த்தால்தான் வலி தெரியும். ஆகவே டாப் 40 திரும்பியது போலத் தெரிந்தால் முதலில் ராண்டைப் பாருங்கள். பல நேரம் திரும்பியதே ராண்டுதான்.

நம் நாட்டு எண்களைக் கேட்டால், பணவீக்கம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரும். ராண்டும் பத்திரமும் வங்கிப் பங்குகளும் அசையும், டாப் 40 பெரிதாக அசையாது. வேலைவாய்ப்பு எண் காலாண்டுக்கு ஒரு முறை. முப்பது விழுக்காட்டுக்கு மேல் வேலையில்லாத நாட்டில் அந்த எண் வந்து எந்த வர்த்தகரும் இருக்கையை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான்.

அருள் (மிட்ராண்ட்)

மாணிக்கம் ஐயா, இந்த ராண்ட் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு சந்தேகம். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. அது இங்கே வித்தியாசம் செய்யுமா?

மாணிக்கம் (சாட்ஸ்வொர்த்)

நிறைய. அவர்களின் கோடைக் கடிகாரம் இருக்கும் மாதங்களில் எண் நமக்கு மதியம் 2.30, நியூயார்க் திறப்பது 3.30. நம் சந்தை ஐந்து மணிக்கு முடிவதற்குள் நியூயார்க்கின் முதல் ஒன்றரை மணி நேரத்தை நாம் பார்த்துவிடுகிறோம். அவர்களின் குளிர்காலத்தில் எண் 3.30, நியூயார்க் திறப்பது 4.30. நமக்கு 4.50-க்கே முடிவு ஏலம் தொடங்கிவிடும். இருபது நிமிடம்தான் மிச்சம். அந்த மாதங்களில் டாப் 40 வரைபடத்தில் முதல் நகர்வு மட்டும் இன்றைய கேண்டிலில் பதியும். திரும்பல் நடந்தால் அது நாளைக் காலைத் திறப்பில் ஒரு வெற்றிடமாகத்தான் வரும். நான் அந்த மாதங்களில் எண் நாளன்று மாலை எதையும் தொடுவதில்லை.

குமரன் (ஓவர்போர்ட்)

ஐயா, 2022-இல் மின்வெட்டு அட்டவணை எனக்கு இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. சரியாக 2.30-க்கு இணையம் போய்விடும். வந்து பார்த்தால் விலை புறப்பட்ட இடத்திலேயே நிற்கும்.

செல்வி அக்கா, ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஒரு மணி நேரப் பட்டை சில நாள் மிக அகலமாக இருக்கிறது, எண் வருவதற்கு முன்பே விலை ஆடிவிடுகிறது. அப்போது எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது?

செல்வி (சாண்டன்)

பட்டை அகலமாக இருந்தால் எண் வந்த நிமிடத்துக்கு முந்தைய கேண்டிலின் முடிவு விலையை ஒரே கோடாக வைத்துக்கொள்வேன். துல்லியம் குறையும், விலை கோட்டை மேலும் கீழும் வெட்டிக்கொண்டே இருக்கும் நாள்கள் வரும். அப்படி இரண்டு முறை வெட்டினால் நான் திரையை மூடிவிடுவேன். ராஜன் இதற்கு வேறு ஏதோ முறை வைத்திருப்பதாக முன்பு ஒரு முறை எழுதியிருந்தார், அவர் சொல்லட்டும்.

ராஜன் (டர்பன் வடக்கு)

பெரிய முறை ஒன்றும் இல்லை. எண் வந்த முதல் ஐந்து நிமிடக் கேண்டிலின் சரிபாதியை எடுத்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் திரும்பினால் சந்தை தயங்குகிறது என்று பொருள் கொள்வேன். உங்கள் கோட்டைவிட முன்னதாகவே கைகாட்டும். அதனால் தவறாகவும் அடிக்கடி கைகாட்டும். செப்டம்பர் 13-ஐ அதில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று நாளை இங்கே போடுகிறேன்.